கவிழ்ந்த படகும் கழித்தல் குறியும்: கதிர்ப்படம் வரையத் தொடங்குபவர்களுக்கு

மண்டபத்தில் வடகடலைப் பார்த்த ஒரு மாடி அறையில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். ஒளியியல் தொடங்கும் நாளில் கரும்பலகைப் பக்கம் போவதில்லை. ஒரு சன்னலை மட்டும் திறந்து வைத்து மற்றதை எல்லாம் சாத்திவிடுவேன். குவிலென்சு ஒன்றை அந்தச் சன்னலுக்கு நேரே பிடித்து, அதற்குப் பின்னால் வெள்ளை அட்டையை முன்னும் பின்னுமாக நகர்த்துவேன். ஓரிடத்தில் சட்டென்று கடல் அட்டைக்குள் வந்துவிடும். நங்கூரம் போட்டு நிற்கும் விசைப்படகுகள், அவற்றின் நீலமும் பச்சையும், மேலே பறக்கும் கொடி உட்பட எல்லாம் விரல் நகம் அளவில் தெரியும்.

ஒரு வருஷம், கடலுக்குப் போகிற வீட்டு மாணவி ஒருத்தி அட்டையைப் பார்த்துவிட்டு, "சார், படகெல்லாம் கவுந்து கிடக்கு" என்றாள். அவள் சொன்ன அந்தக் கவிழ்தலைத்தான் கணக்கில் ஒரு கழித்தல் குறியாக எழுதுகிறோம். இதைப் படத்தில் கண்ட பிறகு கணக்குக்குப் போனால் குறி தானாக வந்து உட்காரும். சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டுக் குறியைத் தேடுகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு குவிலென்சை எடுத்துக்கொண்டு முழுதாக வரைந்து முடிப்போம். ஆடிகளுக்கு எது மாறும் என்று பார்த்துவிட்டு, நவீன இயற்பியலில் வரும் கழித்தல் குறிகளுக்குப் போவோம். அங்கேயும் குழப்பத்தின் வேர் இதேதான்: பூச்சியம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் குறியைப் போடுவது.

முதலில் குவியத் தூரம்

லென்சின் அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் ஒன்றுசேரும் புள்ளி குவியம். லென்சின் நடுவிலிருந்து அதுவரை உள்ள தூரம் குவியத் தூரம், f. வெகுதூரத்தில் உள்ள பொருளிலிருந்து வரும் கதிர்கள் ஏறக்குறைய இணையாகவே வருவதால், அட்டையில் படகு தெளிவாகத் தெரியும்போது லென்சுக்கும் அட்டைக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே f. எங்கள் லென்சுக்கு அது 10 செ.மீ.

"வெகுதூரம்" என்பது எவ்வளவு? ஒரு மீட்டரில் மெழுகுவர்த்தியை வைத்துப் பார்த்தால் பிம்பம் 11.1 செ.மீ.-இல் விழும். அதை f என்று எழுதினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிழை. 20 மீட்டர் தள்ளி நிற்கும் பனைமரத்தைப் பிடித்தால் 10.05 செ.மீ. வரும். அந்த அரை மில்லிமீட்டரை உங்கள் அளவுகோலால் பிரித்துப் பார்க்கவே முடியாது. ஆக, பனைமரம் போதும், படகு இன்னும் நல்லது. சூரியனை மட்டும் பிடிக்காதீர்கள். லென்சு வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும், அட்டையும் பொசுங்கும்.

இப்போது வரையலாம்

நாம் எடுக்கும் கணக்கு இது. f = 10 செ.மீ. உள்ள குவிலென்சுக்கு முன்னால் 15 செ.மீ. தூரத்தில், 2 செ.மீ. உயரமான மெழுகுவர்த்திச் சுடர் இருக்கிறது. பிம்பம் எங்கே, எவ்வளவு பெரிதாக, எப்படித் தெரியும்?

தாளின் குறுக்கே ஒரு கிடைக்கோடு போடுங்கள். அதுதான் முதன்மை அச்சு. அளவுத்திட்டத்தை அப்போதே தாளின் மூலையில் எழுதிவிடுங்கள்: கிடையாக 1 செ.மீ. என்றால் உண்மையில் 5 செ.மீ.; உயரத்தில் 1 செ.மீ. என்றால் 1 செ.மீ.-தான். கிடைத்தூரத்துக்கும் உயரத்துக்கும் வேறு வேறு அளவுத்திட்டம் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், பிம்பம் சரியான இடத்தில்தான் விழும். கோணங்கள் மட்டும் உண்மையானவையாக இருக்காது. அவற்றை அளக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அச்சின் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு அதை லென்சாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடு அச்சுக்கு மேலே 5 செ.மீ., கீழே 5 செ.மீ. நீளமாக இருக்கட்டும். காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். லென்சின் வயிறு தெரிகிற மாதிரி வளைவு போட ஆசைப்பட்டால் மெல்லிதாகப் போடலாம், ஆனால் கதிர் திரும்புவது நடுக்கோட்டில் மட்டும்தான். உண்மையில் ஒளி இரண்டு பரப்புகளிலும் விலகுகிறது. மெல்லிய லென்சுக்கு அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நடுக்கோட்டில் காட்டுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். சிலர் இரண்டு வளைவிலும் கதிரைத் திருப்பி வரைகிறார்கள்; அப்புறம் மூன்று கதிர்களும் ஒரு புள்ளியில் சேராது.

லென்சுக் கோடு அச்சை வெட்டும் இடம் ஒளியியல் மையம், O. அதிலிருந்து இரண்டு பக்கமும் 2 செ.மீ. தள்ளிப் புள்ளி வையுங்கள். இடப்பக்கம் F₁, வலப்பக்கம் F₂. இடப்பக்கம் 3 செ.மீ. தள்ளி, 2 செ.மீ. உயரத்தில் மேல்நோக்கிய அம்பு. அதுதான் சுடர்.

அம்பின் நுனியிலிருந்து முதல் கதிர் அச்சுக்கு இணையாகப் போய் லென்சைத் தொட்டு, F₂ வழியாக இறங்கிப் போகும். இரண்டாவது கதிர் O வழியாகத் திரும்பாமல் நேரே போகும். இந்த இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பிம்பத்தின் நுனி இருக்கிறது. இரண்டு கதிர் போதும் என்றாலும் மூன்றாவதையும் நான் வரையச் சொல்வேன், ஏனென்றால் அதுதான் சாட்சி. அது F₁ வழியாகப் போய் லென்சைத் தொட்டு, அதன் பிறகு அச்சுக்கு இணையாகப் போகும். மூன்றும் ஒரே புள்ளியைத் தொட்டால் படம் சரி.

இங்கேதான் அந்த 5 செ.மீ. நீளத்தின் வேலை. இந்த மூன்றாவது கதிர் லென்சை அச்சுக்குக் கீழே 4 செ.மீ.-இல் தொடுகிறது. லென்சை 2 செ.மீ. உயரத்துக்கு வரைந்திருந்தால் கதிர் அதைத் தாண்டிக் காற்றில் போய்விடும். "சார், கதிர் லென்சுக்கு வெளியே போகுது" என்று வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். அப்படிப் போனால் லென்சுக் கோட்டை நீட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. உண்மையான லென்சு சின்னதாக இருந்தாலும் பிம்பம் அதே இடத்தில்தான் விழும். அதன் வழியாகப் போகிற மற்ற கதிர்களும் அந்தப் புள்ளிக்கே போய்ச் சேர்கின்றன. ஒளி குறையும், அவ்வளவுதான்.

தாளில் இப்போது பிம்பம் O-விலிருந்து வலப்பக்கம் 6 செ.மீ., அச்சுக்குக் கீழே 4 செ.மீ. அளவுத்திட்டப்படி உண்மையில் 30 செ.மீ. தூரம், 4 செ.மீ. உயரம், தலைகீழ்.

குறி போடுவது

பாடப்புத்தகம் சொல்லும் கார்ட்டீசியன் குறியீட்டு மரபு என்பது வரைபடத்தாளின் x, y அச்சுகளேதான். ஒளி இடமிருந்து வலமாகப் போகிறது என்று வைத்துக்கொள்கிறோம். பூச்சியம் O-வில் இருக்கிறது. ஒளி போகிற திசையில் அளந்தால் கூட்டல், எதிர்த்திசையில் அளந்தால் கழித்தல். அச்சுக்கு மேலே கூட்டல், கீழே கழித்தல்.

O-விலிருந்து சுடரின் தூரம் u, பிம்பத்தின் தூரம் v. சுடர் இடப்பக்கம் இருக்கிறது, ஆகவே u = −15 செ.மீ. குவிலென்சு இணைக்கதிர்களை வலப்பக்கம் சேர்ப்பதால் f = +10 செ.மீ. லென்சின் சூத்திரம்:

```
1/v − 1/u = 1/f
1/v = 1/10 + 1/(−15) = 1/30
v = +30 செ.மீ.
m = v/u = 30/(−15) = −2
```

v கூட்டலாக வந்ததால் பிம்பம் வலப்பக்கம், ஒளி உண்மையிலேயே போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. அட்டையில் பிடிக்கலாம், மெய் பிம்பம். உருப்பெருக்கம் m கழித்தலாக வந்ததால் தலைகீழ். அளவு இரண்டு மடங்கு, அதாவது 4 செ.மீ. படமும் இதையேதான் சொன்னது.

இந்தக் கணக்கில் பிள்ளைகள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே. "மெய் பிம்பம், தலைகீழ், அப்போ v கழித்தல்" என்று முன்கூட்டியே முடிவு செய்து, தெரியாத v-க்கும் தாங்களாக ஒரு குறியைப் போட்டுவிடுகிறார்கள். தெரிந்த எண்களுக்கு மட்டும் குறி போடுங்கள். தெரியாததை v என்றே விட்டுவிடுங்கள். அதன் குறியை விடையே கொண்டுவரும்.

இன்னொரு பொறி வீட்டிலேயே இருக்கிறது. அண்ணன், சித்தப்பா படித்த சில பழைய புத்தகங்களில் மெய்யான தூரம் எல்லாம் கூட்டல், மாயமானது கழித்தல் என்ற வேறு மரபு இருக்கும். அதில் லென்சின் சூத்திரமே 1/v + 1/u = 1/f என்று இருக்கும். அதுவும் சரியான மரபுதான். ஆனால் அந்தச் சூத்திரத்தை எடுத்து இந்தக் குறிகளைப் போட்டால் நம் சுடருக்கு v = 6 செ.மீ. என்று வரும். குவிலென்சுக்கு முன்னால் உண்மையான ஒரு பொருளை வைத்தால், மெய் பிம்பம் ஒருநாளும் குவியத்தை விட லென்சுக்கு நெருக்கமாக விழாது. 6 என்பது 10-ஐ விடக் குறைவு. அந்த இடத்திலேயே பேனாவை நிறுத்திச் சூத்திரத்தைத் திரும்பப் பாருங்கள்.

சன்னலில் பார்த்த படகுக்கும் இதே கணக்குதான். 200 மீட்டர் தள்ளி நிற்கும் 10 மீட்டர் நீளப் படகு என்றால் m = 0.1/(−200) = −0.0005. பிம்பம் 5 மி.மீ. நீளம். முன்னால் நிற்கும் கழித்தல் குறிதான் அந்தப் பிள்ளை கண்ட கவிழ்தல்.

அதே லென்சு, சுடரைக் கிட்டே கொண்டுவந்தால்

சுடரை 5 செ.மீ.-க்குக் கொண்டுவாருங்கள். இப்போது அது குவியத்துக்கு உள்ளே இருக்கிறது. அட்டையை எங்கே நகர்த்தினாலும் பிம்பம் பிடிபடாது. படத்தில் வலப்பக்கம் போகிற கதிர்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகிப் போகும். அவற்றை இடப்பக்கம் பின்னோக்கிப் புள்ளிக்கோட்டால் நீட்டினால், தாளில் O-வுக்கு 2 செ.மீ. இடப்பக்கம், 4 செ.மீ. உயரத்தில் சேரும். கணக்கில் 1/v = 1/10 − 1/5, ஆக v = −10 செ.மீ., m = (−10)/(−5) = +2. நிமிர்ந்த, பெரிய, மாய பிம்பம். வலை பின்னுகிற பெரியவர்கள் முடிச்சைப் பார்க்க லென்சைக் கிட்டே பிடிக்கிறார்களே, அவர்கள் பார்ப்பது இதைத்தான்.

ஒளி உண்மையில் போகும் பாதை முழுக்கோடு, நாம் கற்பனையில் நீட்டியது புள்ளிக்கோடு. இதை மாற்றிப் போட்டால் படம் பொய் சொல்கிறது, மதிப்பெண்ணும் போகும்.

ஆடிகளில் என்ன மாறுகிறது

பூச்சியம் ஆடியின் நடுப்புள்ளிக்குப் போகிறது. சூத்திரம் 1/v + 1/u = 1/f, உருப்பெருக்கம் m = −v/u. குறி போடும் விதி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆடி ஒளியைத் திருப்பி அனுப்புவதால் மெய் பிம்பம் பொருள் இருக்கும் பக்கமே விழும், அதனால் ஆடியில் மெய் பிம்பத்துக்கு v கழித்தல். லென்சில் கூட்டல். இந்த ஒரு வித்தியாசத்தைக் காரணத்தோடு நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். குழியாடிக்கு f கழித்தல், குவியாடிக்குக் கூட்டல்.

பாம்பன் சாலைப் பாலத்தில் ஆட்டோவில் போகும்போது பக்கவாட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். அது குவியாடி. அதன் f = +1 மீட்டர், பின்னால் 9 மீட்டரில் ஒரு பேருந்து என்று வைத்துக்கொள்வோம். 1/v = 1 + 1/9, ஆக v = +0.9 மீட்டர், m = +0.1. பேருந்து நிமிர்ந்து, பத்தில் ஒரு பங்காக, ஆடிக்குப் பின்னால் தெரிகிறது. சின்னதாகத் தெரிவதால் தூரத்தில் வருகிறது என்று மனம் நினைத்துக்கொள்ளும். பேருந்து 9 மீட்டரில்தான் வருகிறது.

வரைந்து முடித்ததும் சரிபார்க்க

- கதிர் ஒவ்வொன்றிலும் அம்புக்குறி இருக்கிறதா? அம்புக்குறி இல்லாத கோடு கதிர் இல்லை. அதிகம் விட்டுப்போவது இதுதான்.
- அளவுத்திட்டம் எழுதியாயிற்றா?
- F₁, F₂, O ஆகியவற்றுக்குப் பெயர் போட்டாயிற்றா? இரண்டு F-களும் O-விலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று அளவுகோலை வைத்தே பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.
- கதிர் லென்சின் நடுக்கோட்டில் ஒரே ஒரு முறைதான் திரும்பியிருக்கிறதா?
- மூன்றாவது கதிரும் அதே புள்ளியைத் தொடுகிறதா? ஒரு மில்லிமீட்டர் விலகினால் பென்சில் முனை மழுங்கியிருக்கும். அரை சென்டிமீட்டர் விலகினால் ஏதோ ஒரு கதிர் தவறான விதிப்படி போயிருக்கிறது. பெரும்பாலும் F₁ வழியாகப் போக வேண்டியது F₂-ஐ நோக்கிப் போயிருக்கும்.
- மாய பிம்பமும் அதற்குப் போகும் நீட்டலும் புள்ளிக்கோடா?
- கணக்கில் வந்த v-யும் m-உம் படத்தோடு ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகாவிட்டால் முதலில் கணக்கின் குறியைப் பாருங்கள்.

நவீன இயற்பியலில் அதே கழித்தல் குறி

பன்னிரண்டாம் வகுப்பில் ஒளியியலுக்கு அடுத்து இது வரும். கதிர்ப்படம் முடிந்து வரைபடமும் ஆற்றல் மட்டமும் தொடங்கும். நான் சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பது இரண்டு படங்களை மட்டும்.

முதலாவது ஒளிமின் விளைவு. ஒளி உலோகத்தில் விழுந்து எலக்ட்ரானை வெளியேற்றுகிறது. 1905-இல் ஐன்ஸ்டீன் தந்த விளக்கம் இது: ஒளி, இன்று ஃபோட்டான் என்று நாம் சொல்லும் பொட்டலங்களாக வருகிறது, ஒரு பொட்டலத்தின் ஆற்றல் hν. எலக்ட்ரானை உலோகத்திலிருந்து விடுவிக்க W என்ற வெளியேற்று ஆற்றல் செலவாகிறது. மீதி எலக்ட்ரானின் இயக்க ஆற்றல்: K = hν − W. இங்கே h பிளாங்க் மாறிலி; ν என்பது நியூ என்ற கிரேக்க எழுத்து, அதிர்வெண். கையெழுத்தில் இது ஒளியியலின் v மாதிரியே விழும், ஆகவே வால் வைத்து வேறுபடுத்தி எழுதிப் பழகுங்கள்.

சோடியத்துக்கு W ஏறக்குறைய 2.3 எலக்ட்ரான் வோல்ட். 400 நானோமீட்டர் ஊதா ஒளி விழுகிறது. ஃபோட்டானின் ஆற்றலுக்குக் கைக்கணக்கு: 1240-ஐ நானோமீட்டரால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட் வரும். 1240/400 = 3.1. ஆக K = 3.1 − 2.3 = 0.8. இதுதான் அதிகபட்ச இயக்க ஆற்றல். அப்படிப்பட்ட எலக்ட்ரானையும் தடுத்து நிறுத்த 0.8 வோல்ட் எதிர்மின்னழுத்தம் வேண்டும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி என்றால் 1.9 மட்டுமே. கணக்கில் K = −0.4 என்று வரும். இயக்க ஆற்றல் கழித்தலாக இருக்கவே முடியாது. அந்தக் கழித்தல் சொல்வது, எலக்ட்ரான் வெளியே வரவில்லை என்பதை. எவ்வளவு பிரகாசமான சிவப்பு விளக்கைக் காட்டினாலும் வராது.

மின்னோட்டம், மின்னழுத்தம் வரைபடத்தில் இந்த 0.8 வோல்ட் பூச்சியத்துக்கு இடப்பக்கம், −0.8-இல் வரும். ஒளியின் செறிவை இரட்டிப்பாக்கினால் வலப்பக்கம் மின்னோட்டம் இரட்டிப்பாக உயரும், ஆனால் இரண்டு வளைகோடுகளும் −0.8 என்ற அதே புள்ளியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அதிர்வெண்ணைக் கூட்டினால்தான் அந்தப் புள்ளி இன்னும் இடப்பக்கம் நகரும். உங்கள் படத்தில் சரிபார்க்க வேண்டியது இதையே.

கமுதியில் இருக்கிற சூரிய மின் நிலையமும் இதே விளைவா என்று கேட்பார்கள். இல்லை. சூரியத் தகட்டில் எலக்ட்ரான் பொருளை விட்டு வெளியே வருவதில்லை, குறைகடத்திச் சந்திக்குள்ளேயே பிரிக்கப்படுகிறது. ஃபோட்டான் ஆற்றல் தருவது மட்டும் பொது.

இரண்டாவது படம் ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்கள். நீல்ஸ் போரின் அணு மாதிரிப்படி Eₙ = −13.6/n² எலக்ட்ரான் வோல்ட். முதல் மட்டம் −13.6, இரண்டாவது −3.4, மூன்றாவது −1.51. ஆற்றல் எப்படிக் கழித்தலாக இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு, பூச்சியம் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். அணுவை விட்டு முழுதாக விடுபட்டு, அசையாமல் நிற்கும் எலக்ட்ரானுக்குத்தான் பூச்சியம். அதற்குக் கீழே இருப்பது எல்லாம் கட்டுண்டது. −13.6 என்றால் விடுவிக்க 13.6 கொடுக்க வேண்டும். கிணற்றுக்குள் தண்ணீர் மட்டத்தைத் தரையிலிருந்து கீழே அளப்பது மாதிரி.

வரையும்போது பூச்சியத்தை மேலே போடுங்கள், −13.6-ஐ அடியில் போடுங்கள். மட்டங்களைச் சம இடைவெளியில் போடக் கூடாது. 13.6-இலிருந்து 3.4 வரை பெரிய இடைவெளி, அதற்கு மேல் நெருங்கிக்கொண்டே போகும். எலக்ட்ரான் மூன்றாவது மட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு இறங்கினால் அம்பு கீழ்நோக்கி, ஒளி வெளியே. உட்கவர்தல் என்றால் அம்பு மேல்நோக்கி. எலக்ட்ரான் இழந்தது −1.51 − (−3.4) = 1.89 எலக்ட்ரான் வோல்ட். இரண்டு கழித்தல்களையும் அடைப்புக்குறிக்குள் எழுதிச் செய்யுங்கள், அவசரத்தில் 4.91 என்று எழுதி, புற ஊதாவில் போய் விழுகிறவர்கள் நிறையப் பேர். ஃபோட்டானின் ஆற்றல் எப்போதும் கூட்டல்தான். 1240/1.89 = 656 நானோமீட்டர், ஹைட்ரஜன் விளக்கில் கண்ணால் பார்க்கக்கூடிய சிவப்புக் கோடு. கீழ்நோக்கிய அந்த அம்பின் பக்கத்திலேயே 656 என்று எழுதிவிடுங்கள்.